வகுப்புப் பெற்றோர் குழுவில் கட்டண அறிவிப்பு வந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

வேளச்சேரிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகளின் முதல் பருவக் கட்டணம் 18,500 ரூபாயை, வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு போலி அறிவிப்பால் இழந்திருக்கிறோம். அதே குழுவில் வேறு சில குடும்பங்களும் இப்படியே பணம் இழந்துள்ளன. மற்றப் பள்ளிகளின் பெற்றோரும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு வசதியாக இருக்கட்டும் என்று குழுவின் இணைப்பை யாரோ தங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக் குழுவில் பகிர்ந்திருக்கிறார்கள். அட்மின் ஒப்புதல் தேவை என்ற அமைப்பு போடப்படவில்லை. எனவே இணைப்பைத் தொட்டவர் எவரும் நேராக உள்ளே வரலாம். அப்படி ஒரு புதிய எண், எங்கள் வகுப்பாசிரியையின் பெயரையும் முகப்புப் படத்தையும் வைத்துக்கொண்டு உள்ளே வந்தது. ஒருவர் இணைப்பின் வழியாகச் சேர்ந்தார் என்று குழுவில் சிறிய எழுத்தில் ஒரு வரி வரும். வேன் நேரம், ஷூ அளவு, பிறந்தநாள் வாழ்த்து ஆகியவற்றுக்கு நடுவில் அந்த வரியை யாரும் கவனிக்கவில்லை.

அந்த எண் முதலில் பணம் கேட்கவில்லை என்பதுதான் இதில் முக்கியமானது. முதலில் சுற்றுச்சூழல் பாடத்தின் இலைச் சேகரிப்பு புராஜெக்டை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்று எழுதியது. அது உண்மையான தேதிதான். அதே குழுவில் ஆசிரியை முன்பே சொல்லியிருந்ததை எடுத்து மீண்டும் போட்டிருக்கிறார்கள். "நன்றி மிஸ்" என்று வரிசையாகப் பதில்கள் வந்தன. அதற்குப் பிறகு அந்த எண்ணை யாரும் சந்தேகிக்கவில்லை.

கட்டணத்துக்கான உண்மையான சர்க்குலர் ஒரு காலையில் பிடிஎஃப் கோப்பாக வந்திருந்தது. கடைசி நாள் 20ஆம் தேதி. பள்ளியின் கட்டண இணையதளத்தில் செலுத்த வேண்டும். அன்று மாலை அந்தப் போலி எண்ணிலிருந்து, "அன்பான பெற்றோர்களே, இணையதளம் பழுது. இன்று மாலை 6 மணிக்குள் இந்த க்யூஆர் கோடில் செலுத்தினால் அபராதம் கிடையாது" என்று ஒரு செய்தி வந்தது. வேலை முடிந்து மாலையில் குழுவைத் திறப்பவர்கள் கீழே இருக்கும் கடைசிச் செய்தியிலிருந்துதான் படிப்பார்கள். காலையில் வந்த சர்க்குலர் நூறு செய்திகளுக்கு மேலே புதைந்து கிடந்தது. மோசடிக்காரர்கள் நம்பியது இந்தப் பழக்கத்தைத்தான்.

போலியைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் இரண்டு. நம் தொடர்புப் பட்டியலில் இல்லாத எண் என்றால், குழுவில் அவர் பெயருக்கு முன்னால் ~ என்ற குறி இருக்கும்; ஆசிரியையின் எண்ணைச் சேமித்து வைத்திருந்தால் நாம் சேமித்த பெயரே அந்தக் குறியில்லாமல் தெரியும். ஆகையால் வகுப்பாசிரியை, பள்ளி அலுவலகம் ஆகிய இரு எண்களையும் பள்ளி டைரியில் பார்த்து இன்றே சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்தது, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் பின் எண் கேட்பதற்கு முன்னால் திரையில் வரும் பெயர். அது வங்கியில் பதிவான கணக்குதாரரின் பெயர். எங்களுக்கு வந்தது முன்பின் தெரியாத ஒரு தனிநபரின் பெயர். பள்ளிக் கட்டணம் பள்ளியின் பெயருக்கோ அதை நடத்தும் அறக்கட்டளையின் பெயருக்கோதான் போக வேண்டும். வேறு பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள்.

சேர்க்கை எண்ணுடன் கூடிய ரசீது வராததால் அலுவலகத்தில் விசாரித்தபோதுதான் எங்களுக்கு உண்மை தெரிந்தது. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லி, cybercrime.gov.in தளத்திலும் புகார் பதிந்தோம். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண்ணைக் கேட்டார்கள். அதையும் போலிச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காமல் வைத்திருப்பது அவசியம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. எங்கள் தொகையில் ஒரு பகுதி மட்டும் ஒரு கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளதாகச் சொன்னார்கள். அது இன்னும் கைக்கு வரவில்லை.

பள்ளியின் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. கட்டணத் தேதியையும் வீட்டுப்பாடக் கெடுவையும் எல்லோரும் அரட்டை அடிக்கும் குழுவில் போடுவதற்குப் பதிலாக, அட்மின்கள் மட்டுமே எழுதக்கூடிய தனிக் குழுவில் போட்டிருந்தால் அந்த எண்ணால் ஒரு வார்த்தைகூட எழுதியிருக்க முடியாது. பழைய இணைப்பைச் செல்லாததாக்கிப் புதிய இணைப்பை எடுப்பதும் அட்மினுக்குச் சில நொடி வேலை. இதைக் கேட்டபோது, "அது பெற்றோர்கள் நடத்தும் குழு, எங்களுக்குப் பொறுப்பு இல்லை" என்றார் அலுவலகப் பொறுப்பாளர். ஆனால் ஆசிரியை தினமும் வீட்டுப்பாடம் அனுப்புவது அதே குழுவில்தான். கட்டணத்தை மறுபடியும் முழுதாகக் கட்டினோம். புகாரின் ஒப்புகையை இணைத்துக் கடிதம் கொடுத்த பிறகே தாமத அபராதத்தை மட்டும் நீக்கினார்கள்.