மாதிரிப் பதில்களை அப்படியே பிடித்துக்கொள்ளும் சாட்பாட்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

வாடிக்கையாளர் மெயில்களுக்கு வரைவுப் பதில் எழுத வெகுநாளாக ஒரு சாட்பாட்டைப் பயன்படுத்தி வருகிறேன். அது எழுதும், நான் திருத்தி அனுப்புவேன். அதற்கு நான் கொடுக்கும் அறிவுறுத்தலான பிராம்ப்டில், தொடக்கத்தில், விதிகளுக்குக் கீழே மெயிலும் பதிலுமாக மூன்று மாதிரிகள் இருந்தன: பணம் இரண்டு முறை பிடிக்கப்பட்டது, கடவுச்சொல் மாறவில்லை, சந்தா ரத்தாகவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் நல்ல பதில்கள்தான். ஆனால் மூன்றுமே "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று தொடங்கி, நான்கு வாக்கியங்களில் முடிந்தன.

விளைவு? "புதிய வசதி அருமை, நன்றி" என்று எழுதியவரிடமும் சாட்பாட் வருத்தம் தெரிவித்தது. இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருத்திவிடலாம். நீளம்தான் உண்மையான தொல்லை. "ரசீது எங்கே இருக்கிறது?" என்ற கேள்விக்கும் நான்கு வாக்கியம், ஐந்து சிக்கல்களை அடுக்கிய மெயிலுக்கும் அதே நான்கு. இரண்டாவதில் பாதிச் சிக்கல்களுக்குப் பதிலே இருக்காது. படிக்க நேர்த்தியாக இருப்பதால் அந்த விடுபடல் கண்ணில் எளிதில் படாது.

"மாதிரிகளின் சொற்களை அப்படியே எடுக்காதே" என்று ஒரு விதி சேர்த்தால் போதாதா? "வருந்துகிறோம்" என்பது "வருத்தம் தெரிவிக்கிறோம்" ஆனது, அவ்வளவுதான், எலும்புக்கூடு மாறவில்லை. சாட்பாட்டை இயக்கும் மொழி மாடல், தன் முன்னால் உள்ள உரையின் போக்கைத் தொடர்ந்து எழுதுவது. எல்லா மாதிரிகளிலும் திரும்பத் திரும்ப வருவது எதுவோ, அதை அது எழுதப்படாத விதியாக எடுத்துக்கொள்கிறது. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வகைப்படுத்தும் பணிகளில் மாதிரிகளின் சரியான விடைகளுக்குப் பதிலாகத் தற்செயலாகத் தேர்ந்த விடைகளை வைத்துப் பார்த்தது. திறன் பெரிதாகக் குறையவில்லை. மாதிரிகளின் வடிவம் போன்றவைதான் அதிகம் உதவியிருந்தன. நாம் உள்ளடக்கத்தைக் காட்டுவதாக நினைக்கும் இடத்தில் வடிவமும் சேர்ந்தே போகிறது.

ஆகவே மாதிரிகளைத் திருத்தும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: இவற்றுக்குப் பொதுவாக இருப்பதில் எனக்கு வேண்டாதது எது? பணம் திரும்பும் தேதியை உறுதியாகச் சொல்லக் கூடாது என்பது வேண்டும், அது எல்லாவற்றிலும் இருக்கட்டும். மன்னிப்பு தவறு நடந்த இடத்தில் மட்டும் போதும். அப்புறம் கடவுச்சொல் மாதிரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதை வைத்தேன்:

```
<example>
மெயில்: ரசீது எங்கே இருக்கிறது?
பதில்: "கணக்கு" பக்கத்தில் "ரசீதுகள்" என்பதை அழுத்துங்கள்.
</example>
```

சந்தா மாதிரியின் இடத்தில் ஐந்து சிக்கல்கள் கொண்ட நீண்ட மெயிலும், ஒவ்வொன்றையும் தொட்டுப் போகும் நீண்ட பதிலும் வந்தன. கூடவே ஒரு நன்றி மெயில். பதில் இரண்டே வரி, மன்னிப்பு கிடையாது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மாதிரிகளைக் கண்டபடி வேறுபடுத்தினால் பயனில்லை. ஒரே மாதிரியான இரண்டு கேள்விகளில் ஒன்றுக்குக் குட்டையாகவும் மற்றதற்கு நீளமாகவும் காரணமின்றிப் பதில் எழுதினால், சாட்பாட்டின் நீளமும் காரணமின்றி ஆடும். மெயில் மாறுவதால்தான் பதில் மாறுகிறது என்பது மாதிரிகளிலேயே தெரிய வேண்டும். வரிசையையும் கவனிக்க வேண்டும். கடைசியில் உள்ளதன் பக்கம் சாய்வு இருக்கலாம் என்று 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. அதனால் மிக நீளமானதையும் மிகக் குட்டையானதையும் நான் கடைசியில் வைப்பதில்லை.

தவறான பதிலை "இப்படி எழுதாதே" என்று மாதிரியாகக் காட்டுவதை விட்டுவிட்டேன். அதன் சொற்களும் எங்காவது தலைகாட்டும். மாதிரியில் உள்ள ஆர்டர் எண், பெயர் போன்றவை உண்மையான பதிலுக்குள் ஒழுகினால் இன்னும் ஆபத்து. அதனால் மாதிரியின் பதிலில் வரும் எண் அதே மாதிரியின் மெயிலிலும் இருக்கும்படி எழுதுகிறேன். எண் எங்கிருந்து வந்தது என்பது அப்போது தெளிவாகிவிடும்.

பிராம்ப்டை மாற்றியதும், எந்த மாதிரியையும் ஒத்திராத சில மெயில்களைக் கொடுத்துப் பதில்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பேன். முதல் நாலைந்து சொற்கள் ஒன்றுபோல் இருக்கின்றனவா? வாக்கிய எண்ணிக்கை ஒரே இடத்தில் நிற்கிறதா? மாதிரியில் மட்டுமே உள்ள ஒரு சொற்றொடர் தேடலில் அகப்படுகிறதா? மாதிரிகளின் வரிசையை மாற்றி ஓட்டினால் நீளம் கூடவே நகர்கிறதா என்றும் பார்ப்பேன். நகர்ந்தால் நீளத்தைத் தீர்மானிப்பது மெயில் அல்ல, மாதிரிதான்.

இப்போதும் பதில்களில் ஒரு குடும்பச் சாயல் இருக்கத்தான் செய்கிறது. பிராம்ப்டும் நீண்டுவிட்டது. ஆனால் அதே மெயில்களை "கட்டணம்", "கணக்கு", "பாராட்டு" என்று பிரிக்கும் இன்னொரு பிராம்ப்டில் மாதிரிகளின் வடிவத்தை நான் தொடவில்லை. அங்கே ஒரே சொல்லில் விடை வர வேண்டும், எல்லாம் ஒரே அச்சில் இருப்பதுதான் சரி.