வெள்ளெழுத்துக்கு மோனோவிஷன் லென்ஸ்: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

கல்லூரிக் காலம் தொட்டு இரு கண்களிலும் -3.00 பவர் காண்டாக்ட் லென்ஸ் அணிந்துவரும் நான், மன்னார்குடியில் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். 45 வயதில் வெள்ளெழுத்து தொடங்கியபோது, வருகைப் பதிவேட்டுக்கு ஒரு பார்வையும் கடைசி வரிசை மாணவனுக்கு ஒரு பார்வையும் தேவைப்பட்டதால், வாசிப்புக் கண்ணாடியை மாட்டுவதும் கழற்றுவதுமாக வகுப்பு நடத்துவது கடினமாயிற்று. கண் பரிசோதகர் எனக்கு, ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதை வாசிப்புக்கும் ஒதுக்கும் மோனோவிஷன் முறையைப் பரிந்துரைத்தார். வலக்கண்ணில் தூரப் பார்வைக்கான -3.00 லென்ஸ் அப்படியே இருக்க, இடக்கண்ணில் மட்டும் -1.75 லென்ஸ் வைக்கப்பட்டது. அதாவது இடக்கண் 1.25 டயாப்டர் அளவுக்குக் கிட்டப்பார்வையுடன் வேண்டுமென்றே விடப்பட்டது; எஞ்சியிருந்த குவியத் திறனும் சேர்ந்து, பாடநூலின் எழுத்துகள் தெளிவாயின.

எந்தக் கண்ணைத் தூரத்துக்கு வைப்பது என்பதை அவர் இரண்டு விதமாகச் சோதித்தார். முதலாவது பலரும் அறிந்ததே: இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு இடைவெளி விட்டு, அதன் வழியே தொலைவிலுள்ள ஒரு பொருளைப் பார்க்க வேண்டும், பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடும்போது, எந்தக் கண்ணுக்கு அப்பொருள் மறையாமல் தெரிகிறதோ அதுவே முதன்மைக் கண். இரண்டாவது சோதனையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். இரு கண்களும் திறந்திருக்க, +1.50 லென்ஸை ஒரு கண்ணின் முன்னும் பிறகு மற்றதன் முன்னும் மாறி மாறிப் பிடித்து, எந்தக் கண் மங்கும்போது அதிகமாகத் தொல்லைப்படுகிறது என்று கேட்பார்கள். அந்தக் கண்ணைத் தூரத்துக்கு ஒதுக்க வேண்டும். எந்தக் கண்ணை மங்கவைத்தாலும் பெரிய வேறுபாடு தெரியாதவர்களுக்கு இம்முறை எளிதில் பழகிவிடும். ஒரு கண்ணின் ஆதிக்கம் மிக வலுவாக இருப்பவர்களுக்கு மூளை அந்தக் கண்ணின் பிம்பத்தை விட்டுக்கொடுக்காது.

சுவாமிமலையில் சிற்பப் பட்டறையில் வேலை செய்யும் என் மைத்துனர் இதையே முயன்று கைவிட்டார். அவருக்குக் கண்ணாடியில்லாமலேயே தூரம் நன்றாகத் தெரியும். அத்தகையவர்களுக்கு இடக்கண் சற்று மங்கினாலும் அது பெரிய இழப்பாகத் தோன்றும். அதைவிட முக்கியம், உளி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று கணிக்க இரு கண்களும் ஒருசேரக் கூர்மையாக இருக்க வேண்டும். “எழுத்து தெரியுது மச்சான், ஆனா உளி முனை எங்க நிக்குதுன்னு பிடிபடல” என்றார். மாறுகண் இருந்தவர்களும், ஒரு கண்ணில் பார்வை குன்றியவர்களும் கண் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

எனக்குத் தொடக்கத்தில் இடப்பக்கம் ஒரு நிழல் படிந்தாற்போல் இருந்தது. பிறகு மங்கிய பிம்பத்தை மூளை தானே ஒதுக்கப் பழகியது. பொதுவாக இரண்டு அல்லது மூன்று வாரங்களில் பழக்கம் வரும். அதற்குப் பின்னும் படியிறங்கத் தயக்கமோ தலைவலியோ தொடர்ந்தால் விட்டுவிடுவதே சரி. ஒரு கண்ணை மூடி மூடி ஒப்பிட்டுப் பார்ப்பது பழக்கத்தைக் கெடுக்கும்.

இருட்டில் மட்டும் இக்குறை முழுமையாக நீங்கவில்லை. வெளிச்சம் குறையும்போது கண்மணி விரிவதால் இடக்கண்ணின் மங்கல் பெரிதாகிறது. வாய்க்கால் ஓரச் சாலையில் மாலையில் எதிரே பேருந்து வந்தால், விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் படர்ந்தது. பின்னிருக்கையில் அமர்ந்து செல்கையில் இடக்கண்ணை மறைத்துப் பார்த்தேன். வட்டம் மறைந்தது, ஆகவே காரணம் அந்த லென்ஸ்தான். அதன்பின் இரவில் வண்டி ஓட்டுவதற்கென்று, இடப்பக்கம் -1.25 பவரும் வலப்பக்கம் பவரில்லாத கண்ணாடியும் உள்ள ஒரு மூக்குக்கண்ணாடி செய்து, லென்ஸின் மேல் அணிகிறேன். இது இல்லாமல் இரவுப் பயணத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெள்ளெழுத்து வளர வளரத்தான் இம்முறையின் எல்லை புலப்பட்டது. 49 வயதில் வாசிப்புக்கு 2.00 தேவைப்பட, இடக்கண் லென்ஸ் -1.00 ஆக்கப்பட்டது. பதிவேடு பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அந்தக் கண்ணின் தெளிவு அரை மீட்டரோடு முடிந்ததால், சற்றுத் தள்ளியிருக்கும் கணினித் திரை இரு கண்களுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. அந்தி நேரத்தில் வரப்பின் உயரத்தைக் கால் தவறாகக் கணித்தது. இரு கண்களின் வேறுபாடு 1.50 வரை இருந்தால் பெரும்பாலோர் சமாளிப்பதும், 2.00-ஐ நெருங்கும்போது ஆழ உணர்வு குறைவதும் இத்துறையில் அறியப்பட்டதே. ஆகவே -1.50 லென்ஸுக்கு மாறினேன். வகுப்பும் திரையும் அதில் நடக்கின்றன. மருந்துச் சீட்டு, பத்திர நகல் போன்ற பொடி எழுத்துக்கு மட்டும் +1.00 வாசிப்புக் கண்ணாடி வைத்திருக்கிறேன்.

எந்தக் காண்டாக்ட் லென்ஸுக்கும் உள்ள கட்டுப்பாடு இதற்கும் உண்டு: ஆடிப்பெருக்கானாலும் ஆற்றில் இறங்குமுன் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் ஆற்று நீரிலுள்ள அமீபா கருவிழியைத் தாக்கக்கூடும். புதிதாகத் தொடங்குவோர் ஓராண்டுக்கான லென்ஸை உடனே வாங்காமல், சோதனை லென்ஸைக் கேட்டுப் பெற்று, தம் வேலையிடத்திலும் மாலை வெளிச்சத்திலும் அணிந்து பார்த்தபின் பவரை முடிவு செய்யலாம்.