மேல் வலது மூலையை மட்டும் விட்டுவிடுங்கள்: கேமராவுக்கு இடம் ஒதுக்கிய டெம்ப்ளேட், இரண்டு வருடத்துக்குப் பிறகு

குமுளிப் பக்கத்து நண்பர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, ஸ்லைடுல அந்த மூலைய ஏன் சும்மா விட்டிருக்கீங்க? லோகோ வைக்கலாம்ல?" இந்தப் பதிவே அந்தக் கேள்விக்குப் பதில்தான். கொஞ்சம் கோபமும் கலந்திருக்கும்.

வாராவாரம் ஏலக்காய் விலை நிலவரத்தை ஜூமில் காட்டும் கூட்டத்துக்கான டெம்ப்ளேட் இது. போடி, கம்பம் ஆட்களும் வண்டன்மேடு, நெடுங்கண்டம் ஆட்களும் சேர்ந்து பார்ப்பார்கள். தோட்டத்தில் சிக்னல் கிடைக்காதவர்கள் ராத்திரி ரெகார்டிங்கைப் பார்ப்பார்கள். சிக்கலே அந்த ரெகார்டிங்கில்தான்.

நேரலையில் பேசுபவரின் முகம் ஸ்லைடை மறைத்தால் பார்ப்பவரே அந்த ஜன்னலை விரலால் இழுத்து நகர்த்தலாம். கணினியில் என்றால் `Side-by-side: Speaker` வைத்துக்கொள்ளலாம். ரெகார்டிங்கில் அந்த வசதி கிடையாது. பேசுபவரின் சின்ன ஜன்னல் மேல் வலது மூலையில் படத்தோடு படமாக ஒட்டிவிடும். பிறகு அதை யாராலும் நகர்த்த முடியாது.

எங்கள் விலை அட்டவணையின் பத்திகள் இந்த வரிசையில் இருந்தன: நாள், ஏல நிறுவனம், லாட், வந்த கிலோ, விற்ற கிலோ, உச்ச விலை, சராசரி விலை. ஜன்னல் மறைத்தது கடைசி இரண்டு பத்திகளின் தலைப்பை. எண்கள் எல்லாம் தெரியும், ஆனால் எது உச்சம், எது சராசரி என்று தெரியாது. ஒரே ஒரு லாட்டுக்குக் கிடைத்த உச்ச விலையை அன்றைய சராசரி என்று நினைத்துக்கொண்டு வியாபாரியிடம் பேசப்போனால் என்ன ஆகும் என்று ஏலக்காய்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எவ்வளவு இடம் விடுவது என்பதைக் கண் மதிப்பில் முடிவு செய்யாதீர்கள். கேமராவைப் போட்டு இரண்டு நிமிடம் சோதனை ரெகார்டிங் எடுங்கள். வீடியோவை நிறுத்தி ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஜன்னல் எத்தனை பிக்சல் என்று பெயின்ட்டில் பாருங்கள். 1920 பிக்சல் அகலத்தில் ஜன்னல் 384 என்று வந்தால் ஐந்தில் ஒரு பங்கு. பவர்பாயின்ட்டின் 16:9 ஸ்லைடு 33.87 செ.மீ. அகலம், 19.05 செ.மீ. உயரம். அப்படியானால் ஜன்னல் ஸ்லைடில் சுமார் 6.8 செ.மீ. அகலமும் 3.8 செ.மீ. உயரமும் பிடிக்கும். ஒட்டி உரசாமல் இருக்கக் கொஞ்சம் சேர்த்து, 7.5க்கு 4.5 என்று ஒதுக்கினால் போதும்.

இதை `View` → `Slide Master` போய்ப் போட வேண்டும். அங்கே காலி இடத்தில் வலது கிளிக் செய்து, `Grid and Guides` போய் `Add Vertical Guide`, `Add Horizontal Guide` கொடுங்கள். கைடின் எண் ஸ்லைடின் நடுவிலிருந்துதான் எண்ணப்படும், ஓரத்திலிருந்து அல்ல. பலரும் தடுக்கி விழும் இடம் இது. அதனால் மூலைக்கான செங்குத்துக் கோடு வலப்புறம் 9.4இல், கிடைக்கோடு மேலே 5.0இல் வரும். நான்கு ஓரத்திலும் ஐந்து சதவீத மார்ஜின் வேண்டுமானால் பக்கவாட்டுக் கோடுகள் 15.24இலும், மேல் கீழ் கோடுகள் 8.57இலும் வரும். மாஸ்டரில் போட்ட கோட்டைச் சாதாரணமாக ஸ்லைடு திருத்தும்போது தெரியாத்தனமாகக்கூட நகர்த்த முடியாது. இந்த டெம்ப்ளேட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கோடுகள் கண்ணை உறுத்தினால் `Alt+F9` அழுத்தி மறைத்துக்கொள்ளலாம். ஸ்லைடு ஷோவில் அவை எப்படியும் வராது.

தலைப்புப் பெட்டி தானாக ஒதுங்காது. ஆபீஸின் வழக்கமான தீமில் அது கிட்டத்தட்ட ஸ்லைடின் வலது ஓரம் வரைக்கும் நீண்டிருக்கும். மாஸ்டரிலேயே அதை இடது மார்ஜின் கோட்டோடு ஒட்டி வைத்து, 24.6 செ.மீ. அகலத்துக்குச் சுருக்குங்கள். சுருக்கியதும் தமிழ்த் தலைப்பு இரண்டு வரியாக மடங்கும். வரி இடைவெளி 0.9 என்று இருப்பதால் மேல்வரியின் 'மூ' கீழ்வரியின் 'கீ' சுழியில் போய் இடிக்கும். இடைவெளியை 1.1 ஆக்குங்கள். `Shrink text on overflow` இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஸ்லைடிலும் தலைப்பு ஒவ்வொரு அளவில் நிற்கும்.

அட்டவணை மூலைக்குக் கீழே, மேலிருந்து 4.8 செ.மீ.யில் தொடங்கும். அடியில் கேப்ஷன் வரி ஓடும் என்பதால் அங்கே 2.5 செ.மீ. விட்டாயிற்று. மீதி உயரத்தில், 18 புள்ளி எழுத்துக்கு வரிக்கு 1.3 செ.மீ. என்று வைத்தால் தலைப்போடு சேர்த்து ஒன்பது வரிதான் பிடிக்கும். நாளுக்கு இரண்டு ஏலம் என்று ஆறு நாளுக்குப் பன்னிரண்டு வரி வேண்டும். ஆகவே வாரத்தை மூன்று மூன்று நாளாகப் பிரித்து இரண்டு ஸ்லைடாக்க வேண்டியிருந்தது. இதில் எரிச்சல் உண்டு; வாரம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கும் சுகம் போய்விட்டது.

அதே சமயம் எதிர்பாராத லாபமும் ஒன்று கிடைத்தது. இடம் நெருக்கியதால் விலைப் பத்திகளை நாளுக்கு அடுத்தபடியாக இடது பக்கம் கொண்டுவந்தோம். இப்போது ஜன்னல் கொஞ்சம் பெரிதாக வந்தாலும் மறைவது கிலோக் கணக்குதான். போனில் பார்ப்பவர்களும் முதலில் தேடுவது விலையைத்தான். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

இனி லோகோ. இரண்டு வருடமாக ஓயாத தொல்லை இதுதான். காலி மூலையைக் கண்டாலே யாருக்காவது கை அரிக்கிறது. ஒருவர் சங்கத்தின் சின்னத்தை வைப்பார், இன்னொருவர் கியூஆர் கோடு ஒட்டுவார். கியூஆர் கோட்டின் ஒரு மூலைச் சதுரம் மறைந்தால் அதை ஸ்கேன் செய்யவே முடியாது. அப்புறம் "லிங்க் வேலை செய்யல" என்று போன் வரும். 'கேமரா' என்று எழுதிய சாம்பல் கட்டத்தை லேஅவுட்டில் போட்டுப் பார்த்தோம். கைடு மாதிரி இல்லாமல் அது ஷோவிலும் வந்து நின்றது. லோகோவை இடது அடியில் வையுங்கள், அல்லது முதல் ஸ்லைடோடு விட்டுவிடுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வாரம் மறுபடி மேலே ஏறியிருக்கும்.

இத்தனை வேலையும் இல்லாமல் ஒரு வழி இருக்கிறது. ஜூம் கணினிச் செயலியில் `Settings` → `Recording` போய், `Record video during screen sharing` என்பதற்கு அடியில் உள்ள `Place video next to the shared screen in the recording` என்பதை டிக் செய்தால், கணினியில் சேமிக்கும் ரெகார்டிங்கில் முகம் ஸ்லைடின் மேல் ஏறாது, பக்கத்தில் போய் நிற்கும். ஆனால் ஸ்லைடு சுருங்கும். 18 புள்ளி எழுத்தைச் சின்னப் போனில் படிக்கிறவர்களுக்கு அது கஷ்டம். கிளவுடு ரெகார்டிங் வைத்திருப்பவர்கள் ஷேர் செய்த திரையைத் தனிக் கோப்பாகப் பதியும்படி இணைய அமைப்பில் வைத்துக்கொள்ளலாம். அது சுத்தமான வழி, ஆனால் காசு கட்ட வேண்டும்.

டெம்ப்ளேட் நல்லது, கணக்கும் சரி, கைடுகள் அருமை. இருந்தாலும் குமுளி நண்பருக்கு இதை அனுப்பப் போவதில்லை. அவர் சங்கத்தில் லோகோவை மேலிருந்து இறக்கத் தலைவர் ஒப்புக்கொண்டால் சொல்லட்டும், அன்றைக்கே அனுப்புகிறேன். அதுவரை அவர் அந்த டிக்கைப் போட்டுக்கொண்டு, எழுத்தை 24 புள்ளியாக்கி, இரண்டு ஸ்லைடை மூன்றாக்கிக்கொள்ளட்டும்.