+0800 என்றால் சிங்கப்பூர் என்று நம்பி முன்பணம் அனுப்பாதீர்கள்

செங்காங்கில் ஒரு வீவக வீட்டு அறைக்கு 1,200 வெள்ளி முன்பணம் கட்டி ஒருவர் ஏமாந்திருக்கிறார். சொத்து முகவர் என்று சொன்ன ஆள் பேசியதெல்லாம் மின்னஞ்சலில்தான். சந்தேகம் வந்து ஜிமெயிலில் அஞ்சலின் முழு விவரங்களைக் காட்டும் Show original திறந்து பார்த்தபோது, சிங்கப்பூர் நேர வலயத்தைக் குறிக்கும் +0800 தெரிந்தது. ஆள் இங்கேதான் இருக்கிறார் என்று பணத்தை அனுப்பிவிட்டார். அதன்பின் பதிலே இல்லை.

அவர் பார்த்தது இந்த மாதிரி வரிகளைத்தான்:

```
Received: ... Mon, 13 Jan 2025 18:32:08 -0800 (PST)
Date: Tue, 14 Jan 2025 10:32:07 +0800
```

Date வரியை எழுதுவது பெரும்பாலும் அனுப்புபவரின் கணினி அல்லது கைப்பேசி. அதில் எந்த நேர வலயம் வைத்திருக்கிறதோ அதுதான் இங்கே வரும். அமைப்புகளுக்குள் போய் யாரும் மாற்றிக்கொள்ளலாம். மாற்றாவிட்டாலும் +0800 என்பது மலேசியா, சீனா, ஹாங்காங், தைவான், பிலிப்பீன்ஸ், பெர்த் எல்லாவற்றுக்கும் பொது. அதே போல +0530 இருந்தால் இந்தியாவாகவும் இருக்கலாம், இலங்கையாகவும் இருக்கலாம்.

மேலே உள்ள -0800 பார்த்து அமெரிக்கா என்று முடிவு கட்டுவதும் தவறு. Received வரியைப் போடுவது வழியில் உள்ள சர்வர். கூகள் சர்வர்கள் கலிஃபோர்னியா நேரத்தில் எழுதுகின்றன. கோடையில் அதுவே -0700 ஆகிவிடும். இரண்டு வரிகளையும் உலகப் பொது நேரமான +0000-க்கு மாற்றுங்கள்: 10:32:07-இல் 8 மணி நேரம் கழித்தால் 02:32:07. 18:32:08-உடன் 8 மணி நேரம் கூட்டினால் மறுநாள் 02:32:08. ஒரு விநாடிதான் வித்தியாசம். அஞ்சல் சட்டென்று வந்து சேர்ந்தது என்பதைத் தவிர இது வேறெதையும் காட்டவில்லை.

இந்த எண்ணால் ஓரளவு பயன் உண்டு, சொன்ன கதையோடு முரண்படும்போது மட்டும். லண்டனில் இருக்கிறேன் என்பவரின் ஜனவரி அஞ்சலில் +0100 இருந்தால் கேள்வி கேளுங்கள். அங்கே குளிர்காலத்தில் +0000, கோடையில்தான் +0100. ஆனாலும் பாரிஸ் நேரத்தில் விட்ட மடிக்கணினியாகவும் இருக்கலாம், ஆள் லாகோஸில் இருக்கலாம். எந்த நாடு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் இந்தத் துப்பும் கிடையாது. அங்கே தெரிவது உங்கள் கைப்பேசியின் நேரம்.

ஆகவே நேரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, முகவரின் தொலைபேசி எண்ணை, சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் சிஇஏ அமைப்பின் பொதுப் பதிவேட்டில் தேடுங்கள். எண் பதிவேட்டில் இருந்தால், அந்த எண்ணுக்கு நீங்களே அழைத்துப் பேசுங்கள். வீவக வாடகைப் பணத்தை முகவர் கையில் வாங்கவே கூடாது என்பது விதி, கேட்டாலே நிறுத்திவிடுங்கள். அறையை நேரில் பார்க்காமல் ஒரு வெள்ளிகூட அனுப்ப வேண்டாம். அனுப்பிவிட்டால் உடனே வங்கியை அழையுங்கள், போலீசில் புகார் கொடுங்கள். சந்தேகமாக இருந்தால், பணம் அனுப்பும் முன்பே மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799-இல் கேட்கலாம், 24 மணி நேரமும் இயங்குகிறது.