ஒரே பத்தியாய் வந்து சேரும் வெண்பாக்கள்: நான்கு ஆண்டு அனுபவம்

பழைய நூல்களின் பிடிஎஃப் கோப்பிலிருந்து வெண்பாக்களை எடுத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அச்சிட்டுக் கொடுக்கிறேன். ஒட்டியதும் அடிகள் குலைந்து, பாடல்கள் உரைநடைபோல ஒரே ஓட்டமாக நிற்கும். நான்கு ஆண்டுகளாக இதற்கு நான் நம்பியிருப்பது நோட்பேட்++ செயலியில் உள்ள தேடி மாற்றும் வசதி.

முதலில் பாடல் எண்களைப் பிடித்துப் பாக்களைப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் அடிகளில் கை வைத்தால் ஒரு பாடலில் நேரும் பிழை அடுத்தடுத்த பாடல்களையும் இழுத்துக்கொண்டு போகும். தனிச்சொல்லுக்கு முன்னுள்ள கோட்டுக்குறியையும் நீக்கி, அங்கே ஓர் இடைவெளி மட்டும் விடுவேன். இருபுறமும் இடைவெளி இருந்தால் அந்தக் கோடும் ஒரு சொல்லாக எண்ணப்பட்டுவிடும். பிறகு, Regular expression என்பதைத் தேர்ந்தெடுத்து, நான்கு சொல்லுக்கு ஓர் அடியாக உடைக்கிறேன்:

```
தேட:  (\S+ \S+ \S+ \S+) 
மாற்ற: $1\r\n
```

தேடும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி உண்டு. அதை விட்டுவிடக் கூடாது. நாலடி வெண்பாவில் மூன்று அடிகளுக்கு நான்கு சீர், ஈற்றடிக்கு மூன்று, ஆக 15 சீர். பதிப்பு சீர் பிரித்து அச்சிடப்பட்டிருந்தால் மூதுரைப் பாடல் இப்படி ஒழுங்காக அமர்ந்துவிடும்:

நன்றி ஒருவற்குச் செய்தக்கால் அந்நன்றி
என்று தருங்கொல் எனவேண்டா நின்று
தளரா வளர்தெங்கு தாளுண்ட நீரைத்
தலையாலே தான்தருத லால்

தொல்லை தருவது பதம் பிரித்த பதிப்பு. அதில் ‘என வேண்டா’ இரண்டு சொல். உடனே ‘நின்று’ மூன்றாம் அடிக்குத் தள்ளப்படுகிறது. நன்றி, என்று, நின்று என மூன்று அடிகளும் எதுகையோடு தொடங்குவதால் பார்வைக்குச் சரியாகவே தெரியும். எதுகையை மட்டும் நம்பி இதே பாடலைத் தவறாக அச்சிட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஈற்றடியில் நான்கு சொல் நிற்பதைப் பார்த்திருந்தால் பிழை பிடிபட்டிருக்கும்.

அந்த எண்ணிக்கையும் சில வேளை ஏமாற்றும். அதே பதிப்பில் ‘தான்தருதலால்’ என்று கடைசி இரு சீரும் ஒட்டியிருந்தால் மொத்தம் மறுபடி 15 ஆகிவிடும். ஈற்றடியிலும் மூன்று சொல்லே நிற்கும். அப்போது கடைசிச் சொல்லை அசை பிரித்துப் பார்க்கிறேன். வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். ‘லால்’ நாள் என்னும் வாய்பாட்டில் அடங்கும். ‘தான்தருதலால்’ மூன்று அசையாக நீளும். ஈற்றுச்சீரை உறுதி செய்துகொண்டு பின்னோக்கி எண்ணினால் ‘நின்று’ தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

அறுசீர் விருத்தத்துக்கு ஆறு சொல்லாக மாற்றிக்கொண்டால் போதும். புதுக்கவிதைக்கு இந்த வழி உதவாது. அடியை எங்கே முறிப்பது என்பது கவிஞரின் விருப்பம். அச்சுப் புத்தகம் கிடைக்கும்வரை அத்தகைய கவிதையை நான் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை.