இரண்டு ஆண்டு அனுபவம்: விடுப்புப் பதிலைப் பதிலென்று எண்ணிய மென்பொருள்

கோவையில் பம்பு உதிரிப்பாகங்கள் செய்யும் சிறு நிறுவனத்துக்காக இரண்டு ஆண்டுகளாகத் தொடர் மின்னஞ்சல் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்துகிறேன். ஜெர்மனியின் ஹன்னோவர் கண்காட்சியில் விலைப்பட்டியல் கேட்டு முகவரி தந்தவர்களுக்கு ஒரு மடல் போகும். பதில் வராவிட்டால் ஐந்தாம் நாள் இன்னொன்று, பன்னிரண்டாம் நாள் மற்றொன்று. பதில் வந்ததும் தொடர் தானாக நின்றுவிடும். அதற்காகத்தான் அதை வாங்கினோம். முதல் ஆகஸ்டில் அதுவே எங்கள் காலை வாரியது.

ஜெர்மனியில் அப்போது பலர் நீண்ட விடுப்பில் இருப்பார்கள். "Automatische Antwort:" என்று தொடங்கும் தலைப்புடன் விடுப்புப் பதில்கள் வந்து குவிந்தன. மென்பொருளுக்குத் தெரிந்ததோ ஆங்கிலத் தலைப்புகள் மட்டும். முப்பத்தெட்டுப் பேரைப் பதிலளித்தவர்கள் என்று குறித்து, தொடரை நிறுத்திவிட்டது. அக்டோபரில்தான் கண்டுபிடித்தேன்.

இப்போது தலைப்பை நம்புவதில்லை. மடலின் மூலத்தைத் திறந்து, இந்த வரி இருக்கிறதா என்று பார்க்கும்படி வடிகட்டி வைத்திருக்கிறேன்:

```
Auto-Submitted: auto-replied
```

எந்த மொழியில் எழுதினாலும் இந்த வரி மாறாது. சில சேவையகங்கள் இதைச் சேர்ப்பதில்லை என்பதால் ஜெர்மன் தலைப்புச் சொற்களையும் துணைக்கு வைத்திருக்கிறேன். இப்படிப் பிடிபட்டவர்களுக்குத் தொடரை நிறுத்தாமல், அவர்கள் திரும்பும் நாளுக்குத் தள்ளிவைக்கிறேன். ஒருவர் 2024 ஆகஸ்ட் 26, திங்கட்கிழமை வருவதாக எழுதியிருந்தார். அன்று அவர் பெட்டி நிரம்பி வழியும் என்பதால் புதன்கிழமைக்கு வைத்தேன். அன்று மாலையே வரைபடம் கேட்டு எழுதினார்.

"இவர் இங்கே பணியில் இல்லை" என்று வரும் தானியங்கிப் பதில் வேறு வகை. அந்த முகவரியை நீக்கிவிடுகிறேன். அதில் வேறொருவர் முகவரி இருந்தாலும் பட்டியலில் சேர்ப்பதில்லை. அவர் நம்மிடம் எதையும் கேட்கவில்லை. விளம்பர மடலுக்கு முன்சம்மதம் வேண்டும் என்பது ஜெர்மனியில் சட்டம், பெறுபவர் நிறுவனமாக இருந்தாலும்.

போய்ச் சேராமல் திரும்பி வரும் மடல்களில் ஏமாந்தது வேறு விதம். 5 என்று தொடங்கும் குறியீடு எதுவானாலும் மென்பொருள் அந்த முகவரியைச் செத்ததாக எழுதிவிடும். ஒரே காலையில் பதினேழு முகவரிகள் போயின. ஒரு மடலைத் திறந்தேன்:

```
Action: failed
Status: 5.7.1
```

முகவரியே இல்லையென்றால் 5.1.1 என்று வந்திருக்க வேண்டும். 5.7.1 என்பது கொள்கை காரணமாக மறுத்தது. பல நிறுவனங்கள் ஒரே நாளில் மறுத்தால் குறை நம் பக்கம்தான். முந்தைய வாரம் அனுப்பும் சேவையகத்தை மாற்றியபோது எங்கள் பெயரில் மடல் அனுப்பலாம் என்று அனுமதித்த சேவையகங்களைப் பட்டியலிடும் எஸ்.பி.எஃப். பதிவில் புதியதைச் சேர்க்க மறந்திருந்தோம். சேர்த்த பிறகு மடல்கள் போயின. ஆனால் தடைப்பட்டியலிலிருந்து பதினேழையும் ஒவ்வொன்றாகக் கையால் விடுவிக்க வேண்டியிருந்தது. அதை மொத்தமாகச் செய்யும் வழி இந்த மென்பொருளில் இன்றுவரை இல்லை. அதனால் தானாக நீக்கும் வசதியை அணைத்துவிட்டு, 5.1.1 வந்தவற்றை மட்டும் வெள்ளிக்கிழமைகளில் நானே நீக்குகிறேன். பெட்டி நிறைந்ததைச் சொல்லும் 4.2.2 வந்தால் அடுத்த மடல் வரை காத்திருக்கிறேன். பெரும்பாலும் அது போய்ச் சேர்ந்துவிடுகிறது.