‘நினைக்கிறேன்’ என்பதற்குப் பின் எந்த வினை? இத்தாலிய மொழிபெயர்ப்பில் மூன்று வழிகள்

‘ஐ திங்க் மார்கோ இஸ் அட் ஹோம்’ என்னும் எளிய ஆங்கில வாக்கியத்தை இத்தாலியனில் எழுத மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ‘பென்ஸோ கே மார்கோ ஸீயா ஆ காஸா’. இதில் வரும் ‘ஸீயா’ என்பது கொன்ஜுன்தீவோ எனப்படும் ஐய, விருப்ப வினைவடிவம். இரண்டாவது, அதே வாக்கியத்தில் ‘ஸீயா’வுக்குப் பதிலாகச் செய்தியைச் சாதாரணமாக அறிவிக்கும் ‘ஏ’ என்ற வடிவத்தை வைப்பது. மூன்றாவது, ‘ஸெகோந்தோ மே மார்கோ ஏ ஆ காஸா’, அதாவது ‘என்னைப் பொறுத்தவரை மார்கோ வீட்டில் இருக்கிறான்’ என்பது.

இரண்டாவது வடிவத்தைப் பேச்சில் பரவலாகக் கேட்கலாம். ஆனால் கடிதத்திலோ தேர்வுத்தாளிலோ அது பிழையாகவே கருதப்படும். ஆங்கிலத்தைப் போலவே தமிழும் ‘இருக்கிறான் என்று நினைக்கிறேன்’ என வினையை மாற்றாமல் விட்டுவிடுவதால், நமக்கு அந்தப் பிழை கண்ணில் படுவதே இல்லை. மூன்றாவது வடிவம் தப்பிக்கும் வழிபோலத் தோன்றினாலும் முற்றிலும் சரியானது. ‘கே’ என்னும் இணைப்புச்சொல் அங்கே இல்லாததால் கொன்ஜுன்தீவோவுக்கு இடமும் இல்லை. ஆயினும் ‘டவுட்’, ‘விஷ்’ போன்ற சொற்கள் வரும் வாக்கியங்களில் அதைப் பயன்படுத்த முடியாது என்பதால், முதல் வடிவத்தைப் பழகிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. ‘அவன் வீட்டில் இருப்பது எனக்குத் தெரியும்’ என உறுதியாகச் சொல்லும்போது மட்டும் ‘ஸோ கே ஏ ஆ காஸா’ என்று ‘ஏ’ வடிவமே வரும்.

நினைப்பவரும் செயலைச் செய்பவரும் ஒருவரே என்றால் ‘கே’யை விட்டுவிட்டு, ‘தி’யுடன் வினையெச்சம் போன்ற மூல வடிவத்தைச் சேர்க்க வேண்டும். ‘நான் வருவேன் என நம்புகிறேன்’ என்பது ‘ஸ்பெரோ தி வெனீரே’. ‘அவன் வருவான் என நம்புகிறேன்’ என்பதோ ‘ஸ்பெரோ கே வெங்கா’.

உண்மையான சிக்கல் காலத்தில்தான் இருக்கிறது. ‘ஐ வான்ட் யூ டு கம்’ என்பது ‘வோல்யோ கே தூ வெங்கா’ ஆகும். நான், நீ, அவன் மூவருக்கும் ‘வெங்கா’ ஒன்றே என்பதால், வழக்கமாக விடப்படும் ‘தூ’ என்ற ‘நீ’யை இங்கே எழுதியே ஆக வேண்டும். அதையே பணிவாக ‘ஐ வுட் லைக் யூ டு கம்’ என்று சொன்னால், பொருள் இன்றைய விருப்பமாகவே இருந்தாலும், இத்தாலியன் அதைக் கைக்கெட்டாத தொலைவில் வைத்துப் பார்ப்பதால், வினை ‘வெங்கா’விலிருந்து ‘வெனிஸ்ஸி’ என்னும் இறந்தகால வடிவத்துக்கு நகர்ந்து ‘வொர்ரெய் கே தூ வெனிஸ்ஸி’ என ஆகிறது. தலைமை வினை கடந்த காலத்தில் இருந்தாலும் இதுவே நிகழும்: ‘வீட்டில் இருக்கிறான் என்று நினைத்திருந்தேன்’ என்பது ‘பென்ஸாவோ கே ஃபோஸ்ஸே ஆ காஸா’. ஆகவே மொழிபெயர்த்த வாக்கியத்தைச் சரிபார்க்கும்போது, ‘கே’க்குப் பின் வரும் வினையைப் பார்ப்பதற்கு முன் அதன் முன்னுள்ள வினையைப் பாருங்கள்; அது ‘வொர்ரெய்’ அல்லது ‘பென்ஸாவோ’ என்றிருந்து பின்னால் ‘ஸீயா’வோ ‘வெங்கா’வோ நின்றால், திருத்த வேண்டிய இடம் அதுவே.